ஊக்குநர் மாறினால் குழு கெட்டுவிடுமா?

மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் என்று மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் மகளிர் சுய உதவிக் குழுக்களைப் பற்றி ஒரே பேச்சுதான். வங்கிக் கிளையில் சொல்கிறார்கள், திட்ட அலுவலகத்தில் சொல்கிறார்கள், குழுவில் இருக்கும் பெண்களே சொல்கிறார்கள்: “நல்ல ஊக்குநர் ஒருத்தர் அமைஞ்சுட்டா மாத்தாதீங்க. மாத்துனா குழு கெட்டுப்போகும்.”

இந்தக் கருத்தை அதன் முழு வலுவோடு எடுத்துவைப்பதே நியாயம். ஊக்குநருக்கு வங்கி மேலாளரைத் தெரியும். எந்தப் படிவத்தில் யார் கையெழுத்து வேண்டும் என்பது தெரியும். தவணை கட்டாதவர் வீட்டு வாசலில் போய் நின்று கேட்கும் துணிவும் அவருக்கு உண்டு. இந்தத் திறமை ஒரே நாளில் வந்ததல்ல. அப்படிப்பட்டவரை இரண்டு ஆண்டு முடிந்தது என்பதற்காக இறக்கிவிட்டு, கூட்டத்தில் வாய் திறந்தே பேசாத ஒருவரை அந்த இடத்தில் உட்கார வைப்பது எதற்கு? பதினைந்து பேரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்றால் எந்தக் காரியம் நடக்கும்? ஆளுக்கு ஆள் பொறுப்பு என்றால் கடைசியில் யாரைப் பிடித்துக் கேட்பது? இவை விளையாட்டுக் கேள்விகள் அல்ல. குழுப் பணத்தை இழந்த ஊர்களிலிருந்து எழுந்த கேள்விகள்.

ஆனாலும் இந்தக் கருத்து தவறு. பொறுப்பு சுற்றிவருவதைப் பெருந்தன்மையாகவும், எல்லோருக்கும் ஒருமுறை தரும் மரியாதையாகவும் இது பார்க்கிறது. பொறுப்பு மாறுவதன் முதல் வேலை வேறு: கணக்கைத் திறந்து காட்டுவது. கைமாறும் நாள்தான் குழுவின் உண்மையான தணிக்கை நாள். அந்த நாளை ஒத்திப்போடும் குழு, தணிக்கையை ஒத்திப்போடும் குழு.

இந்த வட்டாரத்துக்கு இது புதிய விஷயம் அல்ல. 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் அரசு மகளிர் குழுக்களைத் தொடங்கியது. 1990இல் மதுரை வட்டாரத்தில் களஞ்சியம் குழுக்கள் முளைத்தன. பின்னர் 1997இல் மதுரையில் உருவான தானம் அறக்கட்டளை அவற்றை வளர்த்தெடுத்தது. 1992இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனை முயற்சியைத் தொடங்கியது. தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், தவறாத தவணை, சரியான பதிவேடு ஆகிய ஐந்தும் குழுவின் பஞ்ச சூத்திரம் ஆயின. மேலாளர் ஒருவரை நியமிக்கும் சூத்திரம் இந்த ஐந்தில் இல்லை. இந்த அமைப்பு கூட்டத்தை நம்பிக் கட்டப்பட்டது. அதை ஒரே ஆளை நம்பும் அமைப்பாக மாற்றியது பிற்காலத்துப் பழக்கம்.

இனி, எதிர்வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. ‘எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றால் காரியம் நடக்காது’

எந்தக் காரியம்? பணத்தைப் பிரித்துக் கொடுப்பதா, கொடுத்த பணம் திரும்பி வருவதா? ஒரே ஆள் முடிவெடுத்தால் முதலாவது வேகமாக நடக்கும். குழு வாழ்வது இரண்டாவதால்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பதினைந்து பேர் கொண்ட, மூன்று வயதான குழு. மாதச் சேமிப்பு ஆளுக்கு 200 ரூபாய். இந்த மாதம் வந்தது 3,000. கொடுத்த கடனில் அசல் 9,800 திரும்பியிருக்கிறது; வட்டி 1,200. பாயின் நடுவில் எண்ணி வைத்த தொகை 14,000 ரூபாய். கேட்பவர்கள் மூன்று பேர். ஒருவருக்கு மகளின் பாலிடெக்னிக் கட்டணம் 8,000. கெடு பத்து நாளில். ஒருவருக்கு ஐப்பசி மழைக்கு முன் கூரைக்குத் தகரம் மாற்ற 6,000. இன்னொருவருக்கு ஆடு வாங்க 10,000. கேட்பு 24,000, கையில் இருப்பதோ 14,000.

ஒரே ஆள் முடிவெடுக்கும் குழுவில் இது ஐந்து நிமிட வேலை. “இந்த மாசம் உனக்கு, உனக்கு, நீ பிறகு பார்த்துக்க.” ஒதுக்கப்பட்டவர் வாயை மூடிக்கொண்டு எழுந்து போவார். அடுத்த கூட்டத்துக்கு அவர் வருவது தாமதமாகும். அதற்கடுத்த கூட்டத்தில் சேமிப்பும் தாமதமாகும்.

கூடிப் பேசும் குழுவில் அரைமணி நேரம் கூடுதலாகப் போகும். பேச்சில் விவரம் வெளியே வரும். கட்டணத்துக்குக் கெடு உண்டு, தள்ள முடியாது. கூரையில் ஒரு பக்கம்தான் ஒழுகுகிறது. 4,000 இருந்தால் அந்தப் பக்கத்தை இப்போது முடித்துவிடலாம், மீதி அடுத்த மாதம் போதும். ஆடு கேட்டவர் தானாகவே சொல்வார்: “எனக்கு அடுத்த மாசம் முதல் பேராப் போடுங்க மதினி, காத்திருக்கேன்.” 12,000 கடனாகப் போகும், 2,000 அவசரத்துக்கு நிற்கும், ஆட்டுக் கடன் அடுத்த கூட்டத்தின் முதல் கடன் என்று தீர்மானப் புத்தகத்தில் ஏறும்.

அந்த அரைமணியில் குழு வாங்கியது என்ன என்று பாருங்கள். ஆடு கேட்டவருக்கு அடுத்த மாதம் பணம் வேண்டுமானால், பழைய கடன்காரர்களின் தவணை அடுத்த மாதம் தவறாமல் வந்தாக வேண்டும். ஆகவே அவரே தவணையை விசாரிப்பார். ஊக்குநர் ஒருவர் வாசல் வாசலாக ஏறி இறங்கிக் கேட்ட வேலையைப் பதினைந்து பேரும் செய்யத் தொடங்குவார்கள். ஒப்புதலுக்குச் செலவான நேரம் வசூலில் திரும்பி வருகிறது. வேகத்தைக் கூட்டத்தில் மட்டும் அளப்பவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

ஒப்புதல் என்றால் எல்லோருக்கும் பிடித்திருக்க வேண்டும் என்று பொருளும் இல்லை. ‘இந்த முடிவோடு நான் ஒத்துப்போக முடியும், குழுவுக்கு இதனால் கேடு இல்லை’ என்று ஒவ்வொருவரும் சொன்னால் போதும். மறுப்பவர், என்ன கேடு வரும் என்று சொல்ல வேண்டும். பிடிக்கவில்லை என்பது மட்டும் காரணம் ஆகாது. அப்படியும் தீராவிட்டால் ஒரு கூட்டம் தள்ளிவைத்து, அடுத்த கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் முடிக்கலாம் என்று விதி எழுதிக்கொள்ளலாம். நள்ளிரவில் ராஜாஜி மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அவசரத்துக்கு யாரும் கூட்டம் போடப்போவதில்லை. 2,000 ரூபாய் வரை இரண்டு பொறுப்பாளர்கள் சேர்ந்து கொடுக்கலாம், அடுத்த கூட்டத்தில் கணக்குச் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே எல்லோரும் ஒத்துக்கொண்டால், அந்த அவசர முடிவும் கூடி எடுத்த முடிவுதான்.

2. ‘எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் பொறுப்பைக் கொடுக்க முடியுமா?’

முடியும். கணக்கு எழுதுவதும் பொறுப்பு வகிப்பதும் வெவ்வேறு வேலைகள். பேரேடு எழுத குழுவே ஒரு சம்பளக் கணக்காளரை வைத்துக்கொள்ளலாம். எத்தனையோ குழுக்கள் பத்து, பன்னிரண்டு படித்த உள்ளூர்ப் பெண்ணை அப்படி வைத்திருக்கின்றன. பொறுப்பாளர் செய்ய வேண்டியது, எழுதியதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்பது, பணத்தை எண்ண வைப்பது, பேசாதவரைப் பேச வைப்பது. இதற்குப் பள்ளிச் சான்றிதழ் தேவையில்லை.

உண்மையில் இந்த வாதம் தன் முடிவையே தன் காரணமாக வைத்திருக்கிறது. ஒருவர் ஆறு ஆண்டு வங்கிக்குப் போனதால் அவருக்கு வங்கி தெரிந்தது. மற்ற பதினான்கு பேர் போகாததால் தெரியவில்லை. தெரியாததால் அனுப்ப மாட்டோம் என்கிறார்கள். அப்படியானால் எந்த ஆண்டில்தான் தெரியும்?

இந்த இடத்தில் சின்னப்பிள்ளை அவர்களின் பெயரைச் சொல்வார்கள். அழகர்கோவில் பக்கத்துச் சிற்றூரில் கூலி வேலை செய்த, பள்ளிக்கூடம் போகாத பெண். களஞ்சியத்தில் வளர்ந்து, ஸ்திரீ சக்தி விருது வாங்கிய மேடையில் பிரதமர் வாஜ்பாய் காலைத் தொட்டு வணங்கும் அளவுக்கு உயர்ந்தவர்; 2019இல் பத்மஸ்ரீ பெற்றவர். “பாருங்கள், அப்படி ஒரு தலைவி இருந்ததால்தானே எல்லாம் நடந்தது” என்பார்கள். அவருடைய வாழ்க்கை சொல்வது இதற்கு நேர்மாறானது. படிக்காத பெண்ணால் முடியாது என்று ஊர் அவரை ஓரமாக உட்கார வைத்திருந்தால், அந்தத் தலைவியே நமக்குக் கிடைத்திருக்க மாட்டார். நம் குழுக்களில் இன்று ஓரமாக உட்கார்ந்திருக்கும் பதினான்கு பேரில் அப்படி யார் இருக்கிறார் என்று பொறுப்பைக் கொடுக்காமல் எப்படித் தெரியும்? ஒரு பெரிய தலைவியின் பெயரைச் சொல்லி மற்ற எல்லோருக்கும் கதவைச் சாத்துவது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல.

3. ‘எல்லோருக்கும் பொறுப்பு என்றால் யாருக்கும் பொறுப்பில்லை’

எதிர்வாதங்களில் வலுவானது இதுதான். ஆனால் பொறுப்பு எங்கே காணாமல் போகிறது என்று உண்மையில் தேடினால் விடை வேறு இடத்தில் கிடைக்கும்.

மாறாத ஊக்குநர் உள்ள ஒரு குழுவை நினைத்துக்கொள்ளுங்கள். வங்கி மூன்று லட்சம் கடன் கொடுக்கிறது. பதினைந்து பேருக்கு ஆளுக்கு 20,000. நான்கு பேருக்கு இப்போது பணம் தேவையில்லை. “உங்க பேர்ல நான் எடுத்துக்கிறேன், நானே கட்டிடுவேன்” என்கிறார் ஊக்குநர். 80,000 ரூபாய் அவர் கைக்குப் போகிறது. முதல் ஆண்டு ஒழுங்காகக் கட்டுகிறார். இரண்டாம் ஆண்டு அவர் வீட்டில் ஒரு கல்யாணமோ நோயோ வருகிறது, தவணை நிற்கிறது. 90 நாளைத் தாண்டினால் வங்கிக்கு அது குழுவின் வாராக் கடன். பதினைந்து பேருக்கும் அடுத்த கடன் இல்லை. கடனே வாங்காத நான்கு பேர் கடன்காரர்கள் ஆகிறார்கள். இங்கே பொறுப்பாளர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஒரே ஒரு பொறுப்பாளர்தான். அது யாரைக் காப்பாற்றியது?

இந்த நோய் வெளியே தெரியுமுன் அடையாளங்கள் தெரியும். தீர்மானப் புத்தகத்தில் ஆறு மாதத்துத் தீர்மானங்கள் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியதுபோல இருக்கும். வருகைப் பதிவேட்டில் எந்த மாதமும் யாரும் விடுபட்டிருக்க மாட்டார்கள், தீபாவளி வாரத்தில்கூட. உறுப்பினர் கையில் பாஸ்புத்தகம் இருக்காது. “அக்கா வீட்டுலதான் இருக்கு” என்பார்கள். காசோலைகளில் இரண்டாம் கையெழுத்து முன்பே போட்டு வைத்திருக்கும். “உங்களுக்கு எவ்வளவு கடன் பாக்கி?” என்று கேட்டால் உறுப்பினர் ஊக்குநர் முகத்தைப் பார்ப்பார். இவற்றில் இரண்டு இருந்தாலே கணக்கை உடனே எடுத்துப் பார்க்க வேண்டும்.

அந்த 80,000 ரூபாயை எது தடுத்திருக்கும்? குறித்த தேதியில் நடக்கும் கைமாற்றம். அன்று செய்ய வேண்டியவை எளியவை. வங்கிப் பாஸ்புத்தகத்தை அன்று காலையே பதிந்து வாங்கி வர வேண்டும். கையிருப்பை எல்லோர் முன்னும் எண்ணி ரொக்கப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். மீதியுள்ள காசோலைத் தாள்களை எண்ணி, எண்களைத் தீர்மானத்தில் எழுத வேண்டும். பிறகு மிக முக்கியமானது: ஒவ்வொரு உறுப்பினரின் பெயரையும், அவருடைய சேமிப்பையும் கடன் பாக்கியையும் பேரேட்டிலிருந்து உரக்கப் படிக்க வேண்டும், அவர் தன் பாஸ்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு “சரி” என்று சொல்ல வேண்டும். “எம் பேர்ல இருபதாயிரமா? நான் வாங்கவே இல்லையே” என்ற ஒரு குரல் எழ அந்த இடம் போதும். புதிதாகப் பொறுப்பேற்பவர் அந்தக் குரலைக் கடந்து கையெழுத்துப் போட மாட்டார்; போட்டால் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். பழையவரின் கணக்கைத் தன் பெயரில் ஏற்கும்போது புதியவருக்கு வரும் அந்தத் தயக்கமே பொறுப்பு.

பொறுப்பை மாற்றினால் அனுபவம் போய்விடும் என்ற கவலைக்கும் வழி உண்டு. ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள் என்ற மூவரையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது. பதவிக்காலம் இரண்டு ஆண்டு என்றால் எட்டு மாதத்துக்கு ஒருவர் இறங்கி, ஒருவர் ஏறட்டும். எப்போதும் இரண்டு பேருக்கு வழி தெரிந்திருக்கும்; ஒருவர் கற்றுக்கொண்டிருப்பார்.

4. ‘தலைவர் இல்லை என்று சொன்னாலும் மறைமுகமாக ஒருவர் ஆளத்தான் செய்வார்’

உண்மை. அமெரிக்கப் பெண்ணுரிமை இயக்கத்தின் அனுபவத்திலிருந்து 1970களின் தொடக்கத்தில் ஜோ ஃப்ரீமன் இதைத்தான் விரிவாக எழுதினார்: அமைப்பே வேண்டாம் என்று சொன்ன குழுக்களில் நண்பர் வட்டம் ஒன்று சத்தமில்லாமல் ஆட்சியைப் பிடித்தது; பதவி இல்லாததால் அவர்களைக் கேள்வி கேட்கவும் வழி இல்லை. நம் ஊரில் இது இன்னும் எளிதாக நடக்கும். ஒரே குழுவில் மாமியாரும் மருமகளும் இருப்பார்கள். வட்டிக்குக் கொடுப்பவர் வீட்டுப் பெண் இருப்பார். நிலம் உள்ளவரும் அவர் நிலத்தில் களை எடுப்பவரும் இருப்பார்கள். அங்கே அமைதி ஒப்புதல் ஆகாது.

ஆனால் இதிலிருந்து வரும் முடிவு என்ன? அதிகாரம் ஒளிந்துகொள்ளும் என்றால் அதை வெளியே கொண்டுவரும் விதிகள் வேண்டும். ஒளிந்திருப்பவருக்கே நிரந்தரப் பதவியையும் கொடுத்துவிடுங்கள் என்பது விடை ஆகாது. சுழற்சி என்பது தலைமை வேண்டாம் என்று சொல்வதல்ல. தலைமைக்குத் தேதியும் எல்லையும் போடுவது.

கூட்டத்தை நடத்துபவர் செய்யக்கூடியவை இருக்கின்றன. புதிதாகச் சேர்ந்தவரும் வயதில் இளையவரும் முதலில் பேச வேண்டும். பொறுப்பாளர் கடைசியில்தான் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். “எல்லாருக்கும் சம்மதம்தானே?” என்ற கேள்வியைக் கேட்கவே கூடாது, அதற்கு நம் ஊரில் ஒரே பதில்தான் உண்டு. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, “இதுல உனக்கு என்ன சங்கடம்?” என்று கேட்க வேண்டும். மறுப்புச் சொன்னவர் பெயரும் காரணமும் தீர்மானத்தில் ஏற வேண்டும். மருமகள் கடன் கேட்கும்போது அதைப் பற்றி மாமியார் முதலில் பேசக் கூடாது. இப்படிப்பட்ட கூட்டத்தில் தலைமை தாங்குவது, தனியாக முடிவெடுப்பதைவிடக் கடினமான வேலை. அதனால்தான் இதைப் பழக வேண்டும். பழகினால்தான் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்க முடியும்.

5. ‘இதெல்லாம் நம் மண்ணுக்கு ஒத்துவராது’

எந்த மண்ணைச் சொல்கிறார்கள்? உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919இலும் 921இலும் பொறிக்கப்பட்டவை. ஊர் வாரியங்களுக்குக் குடவோலையில் ஆள் எடுத்தார்கள். பதவிக்காலம் 360 நாள். கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதி இழந்தார்கள். சுழற்சியையும் கணக்கையும் சேர்த்தே கட்டிவைத்திருக்கிறார்கள் பாருங்கள். அந்தச் சபை நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆண்களுக்கு மட்டுமே உரியது; பெண்களுக்கும் உழைப்பவர்களுக்கும் அங்கே இடமில்லை. அந்த அநீதியை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஊர்ப்பணத்தைக் கையாளுபவர் மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற அறிவு இறக்குமதிச் சரக்கு என்று இனியாவது சொல்ல வேண்டாம்.

குழுக்களில் பொறுப்பு மாறாமல் இருப்பதற்கு உண்மையான காரணம் மண் அல்ல, வசதி. புதிய பிரதிநிதி வந்தால் வங்கியில் தீர்மான நகல், ஆதார், புகைப்படம், மாதிரிக் கையெழுத்து எல்லாம் மறுபடி வேண்டும். கிளை ஊழியருக்கு அது கூடுதல் வேலை. “பழையவங்களே இருக்கட்டுமேம்மா” என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். களப் பணியாளருக்கு ஒரே கைபேசி எண்ணைக் கூப்பிட்டால் கூட்டத்துக்கு ஆள் சேர்ந்துவிடுகிறது. வெளியில் இருப்பவர்களுக்கு ஒரே ஆளிடம் பேசுவது எளிது. அவர்களுடைய சுலபத்துக்காகப் பெண்கள் தங்கள் பணத்தின் பாதுகாப்பை விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குத் ‘திறமை இல்லை’ என்ற பழியையும் அவர்களே சுமக்கிறார்கள்.

இந்த முறைக்கு எல்லை இல்லை என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டு முதல் இருபது பேர் வரை உள்ள குழுவுக்கே இது பொருந்தும். ஒவ்வொருவரிடமும் பெயர் சொல்லிக் கேட்க அந்த அளவுதான் தாங்கும். ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் நூற்றுக்கணக்கானோர் கூடி ஒப்புதல் காண முடியாது. அங்கே பிரதிநிதிகளும் வாக்கெடுப்பும் வெளித் தணிக்கையும் வேண்டும். கைமாற்ற நாளில் கணக்கைப் படிக்காமல் பெயரை மட்டும் மாற்றும் குழுவுக்குச் சுழற்சியால் எந்தப் பயனும் இல்லை. அங்கே பழைய ஊக்குநர் புதியவரின் பெயரில் ஆளுவார்.

ஆகவே கேட்க வேண்டியவை மூன்று. வங்கிகள் கையெழுத்து மாற்றத்தை ஒரே வருகையில் முடித்துக் கொடுக்கட்டும். கடனுக்காகக் குழுவைத் தரம் பிரிப்பவர்கள், ‘கடைசியாகப் பொறுப்பு எப்போது மாறியது, அன்று யார் யாருடைய பாஸ்புத்தகம் படிக்கப்பட்டது’ என்று தீர்மானப் புத்தகத்தைத் திறந்து பார்க்கட்டும். ஆறு ஆண்டாக மாறாத ஊக்குநரை நிலைத்தன்மை என்று மதிப்பெண் போடுவதை நிறுத்தட்டும். குழுக்கள் அடுத்த கூட்டத்திலேயே கைமாற்றத் தேதியைத் தீர்மானமாக எழுதட்டும். நல்ல ஊக்குநர் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. அவர் கணக்கு சுத்தமாக இருக்கிறது என்பதைப் பதினான்கு பேர் முன்னால் நிரூபிக்க அவருக்கும் வேறு வழி இல்லை.